ஆறு மாதம் எந்தத் தேதியிலிருந்து?

கேள்வி: ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இறுதிச் சுற்றில் தேர்வாகவில்லை. 'ஆறு மாதம் கழித்து விண்ணப்பியுங்கள்' என்று ஹெச்.ஆர். சொன்னார். எப்போது என்று உறுதி செய்ய அவருக்கு எழுதலாமா?
– வாசகி, கோவை

பதில்: தாராளமாக எழுதுங்கள், இப்போதே. ஆறு மாதத்தை எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் சிக்கல். நீங்கள் ஜனவரி 8-இல் விண்ணப்பித்து, பிப்ரவரி 12-இல் நேர்காணல் முடிந்து, 20-இல் மறுப்பு மெயில் வந்திருந்தால், காத்திருப்பு ஜூலை 8, ஆகஸ்ட் 12, ஆகஸ்ட் 20 ஆகிய மூன்றில் எதிலும் முடியலாம். சில நிறுவனங்களில் காத்திருப்பு முடியும் முன் வரும் விண்ணப்பத்தை மென்பொருளே ஒதுக்கிவிடும். அதை யாரும் படித்திருக்கவே மாட்டார்கள். விண்ணப்பித்த சில நிமிடங்களில் மறுப்பு வந்தால் இந்தச் சந்தேகம் நியாயமானது.

மறுப்பு வந்த அதே மெயிலுக்கே பதில் போடுங்கள். உங்கள் பழைய விவரம் அவர் கண்முன் இருக்கும்.

"வணக்கம். பிப்ரவரி 12 அன்று டெஸ்டிங் பணிக்கான நேர்காணலில் கலந்துகொண்டேன். ஆகஸ்ட் 20-க்குப் பிறகு மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று புரிந்துகொண்டேன், சரிதானா? இந்தக் காத்திருப்பு இந்தப் பணிக்கு மட்டுமா, எல்லாப் பணிகளுக்குமா?"

இவ்வளவு போதும். தேதியை நீங்களே குறிப்பிட்டால் 'ஆம்' என்ற ஒரு சொல்லில் அவரால் பதில் தர முடியும். இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். வேறு பிரிவில் இன்றே வாய்ப்பு திறந்திருக்கலாம். ஏன் தேர்வாகவில்லை என்று இதே மெயிலில் கேட்க வேண்டாம், பதில் தாமதமாகும். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் வராவிட்டால், மூன்றில் கடைசித் தேதியான ஆகஸ்ட் 20 கழிந்த பிறகு விண்ணப்பியுங்கள்.