ஏழாம் கட்டத்துச் சிப்பாய்: சதுரங்கம் பழகும் உனக்குச் சில சொற்கள்

கண்ணு, எதிரிக்கு ராணி வந்துவிட்டது, உனக்கு ஏழாம் கட்டத்தில் ஒரே ஒரு சிப்பாய். உடனே கை கொடுத்துவிட்டு எழுந்துவிடாதே. ராணி உன்னிடம் இருந்தால், ஜெயித்தாயிற்று என்று சாய்ந்தும் உட்காராதே.

1. முதலில் சிப்பாய் எந்த நெடுவரிசையில் நிற்கிறது என்று பார். பி, டி, இ, ஜி என்றால் ராணிக்காரன் பெரும்பாலும் ஜெயிப்பான், அவன் ராஜா எவ்வளவு தூரத்தில் இருந்தாலும். ஏ, எச் ஓரங்களிலும், சி, எஃப் வரிசைகளிலும் அவன் ராஜா பக்கத்தில் இல்லாவிட்டால் ஆட்டம் டிரா. திண்டுக்கல் பிள்ளைகள் பலர் இதை நெட்டுருப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் விழிப்பார்கள். அந்த 'ஏன்'தான் உன்னைக் காப்பாற்றும்.

2. ராணி உன்னிடம் இருந்தால் அவசரப்படாதே. பலகையை எடுத்து அடுக்கிப் பார்: வெள்ளை ராஜா இ7, சிப்பாய் டி7. கறுப்பு ராணி பி2, ராஜா எச்1. கறுப்பின் முறை. ராணியை இ5க்குக் கொண்டுபோய் செக் வை. அவன் எஃப்7 போனால் ராணியை டி6இல் வைத்துச் சிப்பாயை மிரட்டு. அவன் இ8 வந்து அதைக் காப்பான். இப்போது இ6இல் செக். எஃப்8 ஓடினால் சிப்பாய் போச்சு, அதனால் டி8இல் தன் சிப்பாய்க்கு முன்னாலேயே போய் நிற்கிறான். சிப்பாயின் வழியை அவனே அடைத்துவிட்டான்! இந்த ஒரு மூச்சில்தான் உன் ராஜா எச்1இலிருந்து ஜி2க்கு வரவேண்டும். அவன் சி7க்கு விலகினால் ராணியை இ7இல் வை, சிப்பாய் கட்டுண்டு நகர முடியாது. சி8க்குப் போனால் சி5இல் செக், பி7 போனால் மறுபடி டி6, சி8 திரும்பினால் சி6இல் செக், அவன் டி8. உன் ராஜாவுக்கு இன்னொரு அடி. இப்படியே சுற்றிச் சுற்றி ராஜாவை நடத்திக் கொண்டுவந்து சிப்பாயை வெட்டு. ராணியின் வீரத்தைவிட ராஜாவின் நடைதான் இங்கே ஜெயிக்கிறது. செக் வைக்கிற ருசியில் ராஜாவை மறக்கிறவன், ஐம்பது நகர்வு விதி வந்து டிரா கேட்கும்போதுதான் விழிப்பான்.

3. சிப்பாய் உன்னுடையதென்றால் மூலையைக் காதலி. சிப்பாய் சி7, ராஜா பி8, எதிரி ராணியை பி6இல் வைத்து செக் சொல்கிறான். மனசு சி8க்குத்தான் போகும், சிப்பாயை ஒட்டி நிற்கலாமே என்று. போகாதே. அங்கே போனால் உன் சிப்பாயை நீயே அடைத்து, அவன் ராஜாவுக்கு ஒரு அடி தானம் செய்கிறாய். ஏ8 மூலைக்குப் போ. அவன் சிப்பாயை வெட்டினால் உன் ராஜாவுக்குப் போக இடமில்லை, செக்கும் இல்லை: ஸ்டேல்மேட். வெட்டாவிட்டால் சிப்பாய் ராணியாகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்யாண மண்டபத்தில் நடந்த போட்டியில், சின்னப் பெண் ஒருத்தி இப்படி மூலைக்குப் போனாள். எதிரிலிருந்த பையன் சிப்பாயை லபக்கென்று எடுத்துக்கொண்டு, ஜெயித்த மிதப்பில் கை நீட்டினான். அவள் கைகொடுத்துவிட்டு, டிரா என்று சீட்டில் எழுதினாள்.

4. ஓரச் சிப்பாயில் ராணி வெட்டக்கூட வேண்டியதில்லை. சிப்பாய் ஏ7, ராஜா ஏ8, ராணி பி6. இப்போது எதிரி தன் ராஜாவை ஒரு அடி நகர்த்தினால்கூட ஸ்டேல்மேட். ஆனால் இதை வேதவாக்காக எடுக்காதே, தூரத்தையும் பார். வெள்ளை ராஜா பி8, சிப்பாய் ஏ7, கறுப்பு ராஜா சி5, ராணி டி7, கறுப்பின் முறை என்று வை. கறுப்பு, சிப்பாயைத் தடுக்காமல் ராஜாவை பி6க்குக் கொண்டுவருகிறான். நீ ஏ8இல் ராணி எடுக்கிறாய், அவன் சி7இல் ராணியை வைத்து மேட் சொல்கிறான். அவன் ராஜா பக்கத்தில் இருந்தால் உன் புது ராணி வேடிக்கைதான் பார்க்கும்.

5. கடிகாரம். 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாடில் ஒவ்வொரு நகர்வுக்கும் 30 வினாடி கூடியது. நம் ஊர்ப் பக்கத்துப் போட்டிகள் எல்லாவற்றிலும் அந்தச் சலுகையை எதிர்பார்க்காதே. ராணி வைத்திருப்பவன் கொடி விழுந்தால், சிப்பாய் உயிரோடிருக்கும் வரை அது அவனுக்குத் தோல்வி, டிரா அல்ல. சிப்பாய் ராணியாகி மேட் ஆக வழியிருக்கிறதே! ராணி உன்னிடம் இருந்து நேரம் குறைவாக, சி வரிசை டிராவில் சிக்கியிருந்தால், வீறாப்புப் பேசாமல் சிப்பாயை வெட்டி அரைப் புள்ளியை வாங்கு. தொட்ட காயை நகர்த்தித்தான் ஆகவேண்டும் என்பதால், ராணி மேல் கை போவதற்கு முன்பே அவன் ராஜா எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்த்துவிடு.