வாட்டர்ஃபாலின் தந்தை வாட்டர்ஃபாலை நம்பினாரா?

சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் பாடத்தின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் லைஃப் சைக்கிள் மாடல் பற்றிய அத்தியாயம் எப்படி இருக்கும் என்று திறந்து பார்க்காமலே சொல்லிவிடலாம். ஒரு படம், அதன் நன்மைகள், தீமைகள், கடைசியில் "எனவே நாங்கள் இதைத் தேர்ந்தெடுத்தோம்". வேலை முடிந்த பிறகு எழுதப்படும் அத்தியாயம் அது. அதில் ஆண்டுதோறும் தவறாமல் இடம்பெறும் சில நம்பிக்கைகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நம்பிக்கை: வாட்டர்ஃபாலை முன்மொழிந்தவர் வின்ஸ்டன் ராய்ஸ். ஒரு கட்டம் முடிந்தால் திரும்பிப் போகக்கூடாது என்றார்.

ராய்ஸின் கட்டுரை 1970-இல் வெளிவந்தது. விண்கலத் திட்டங்களுக்கான மென்பொருளில் பழம் தின்று கொட்டை போட்டவர் அவர். தேவைகளில் தொடங்கி இயக்கத்தில் முடியும் ஏழு பெட்டிகள் படிக்கட்டுபோல் இறங்கும் படம் அந்தக் கட்டுரையில் உண்டுதான். ஆனால் அடுத்த சில பத்திகளிலேயே, இதை இப்படியே நடைமுறைப்படுத்துவது ஆபத்தானது, தோல்வியைத் தேடிப் போவது என்று எழுதிவிடுகிறார். கட்டுரையின் மீதிப் பகுதி முழுக்க அந்த ஆபத்தைக் குறைப்பதற்கான ஐந்து யோசனைகள்தான்.

அவருடைய காரணம் எளிமையானது. வேகம், நினைவகம், உள்ளீடு-வெளியீட்டுப் பரிமாற்றம் போன்றவை அதுவரை காகிதத்தில் ஆராயப்பட்டவை. நிஜத்தில் எப்படி இருக்கின்றன என்று முதன்முதலாகத் தெரிவது டெஸ்டிங்கில். டெஸ்டிங்கோ கடைசிக்கு முந்தைய பெட்டி. அங்கே அடிப்படையே தவறு என்று தெரிந்தால் டிசைனை மாற்ற வேண்டும், சில சமயம் தேவைகளையே மாற்ற வேண்டும். செலவும் காலமும் இரட்டிப்பாகலாம் என்கிறார்.

ஐந்து யோசனைகளில் ஒன்று, புதுவகை மென்பொருள் என்றால் இரண்டு முறை செய்யுங்கள் என்பது. 30 மாத வேலையென்றால் 10 மாதத்தில் ஒரு முன்னோட்ட வடிவத்தைச் செய்து பார்க்கலாம் என்று கணக்கும் கொடுக்கிறார். அதாவது, மாணவர்கள் "வாட்டர்ஃபாலுக்கு எதிரானது" என்று எழுதும் புரோட்டோடைப், அந்த முதல் கட்டுரைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. நம் பாடப்புத்தகங்கள் முதல் படத்தோடு பக்கத்தைப் புரட்டிவிட்டன.

நம்பிக்கை: புரோட்டோடைப் போட்டால் நேரம் வீண். அல்லது, புரோட்டோடைப்பையே தேய்த்து மெருகேற்றினால் ப்ராஜெக்ட் தயார்.

இரண்டும் ஒரே வகுப்பிலேயே கேட்கும். இதை அளந்து பார்த்த ஒரு சோதனை உண்டு, அதுவும் ஒரு ப்ராஜெக்ட் வகுப்பில். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் பேரி போயமும் இரண்டு சகாக்களும் ஏழு மாணவர் குழுக்களுக்கு ஒரே மென்பொருளைக் கொடுத்தார்கள். மென்பொருள் செலவை மதிப்பிடும் ஒரு சிறிய கருவி அது; 2,000 முதல் 4,000 வரி கோட். நான்கு குழுக்கள் தேவைகளையும் டிசைனையும் ஆவணமாக எழுதிவிட்டுத் தொடங்கின. மூன்று குழுக்கள் புரோட்டோடைப்பில் தொடங்கின. முடிவுகள் 1984-இல் வெளியாயின.

புரோட்டோடைப் குழுக்களின் கோட் சுமார் 40 சதவீதம் குறைவு, உழைப்பு 45 சதவீதம் குறைவு. மென்பொருள் கற்க எளிதாகவும் பயன்படுத்த எளிதாகவும் இருந்தது. ஓட்டிப் பார்த்தவர்களுக்கு எது தேவையில்லை என்று சீக்கிரம் தெரிந்துவிடுகிறது. காகிதத்தில் எழுதுகிறவர்களுக்கு இன்னும் ஒரு வசதியைச் சேர்த்து எழுதுவதில் செலவே இல்லை.

மறுபக்கமும் உண்டு. வசதிகளின் நிறைவிலும், தப்பான உள்ளீட்டைத் தாங்கும் உறுதியிலும் ஆவணக் குழுக்கள் முந்தின. டிசைன் கட்டுக்கோப்பாக இருந்தது, பகுதிகளை ஒன்றுசேர்ப்பதும் எளிதாக இருந்தது. ஏழே குழுக்கள், சின்ன மென்பொருள் என்பதால் இந்த எண்களைப் பெரிய திட்டங்களுக்கு அப்படியே பொருத்தக்கூடாது. நாலு பேர் செய்யும் செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்கோ இதைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது. புரோட்டோடைப்பால் திரையைச் சரிபார்த்துவிட்டு, இரண்டு பேர் எழுதும் பகுதிகள் சந்திக்கும் இடத்தை மட்டுமாவது எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது.

நம்பிக்கை: ஸ்பைரல் என்பது வாட்டர்ஃபாலை மூன்று முறை சுற்றுவது. பெரிய கம்பெனிகளுக்குத்தான் சரிப்படும்.

இதே போயம்தான் 1986-இல் ஸ்பைரலையும் முன்வைத்தார். 1988-இல் வந்த வடிவம் பரவலாகப் படிக்கப்பட்டது. ஒவ்வொரு சுற்றிலும் நான்கு வேலைகள்: நோக்கத்தையும் மாற்று வழிகளையும் எழுதுவது, அவற்றிலுள்ள ரிஸ்க்கைக் கண்டு தீர்ப்பது, அடுத்த நிலையைக் கட்டுவது, அடுத்த சுற்றைத் திட்டமிடுவது. அடுத்து என்ன செய்வது என்பதை ரிஸ்க்தான் தீர்மானிக்கிறது. திரை எப்படி இருக்க வேண்டும் என்பதே பெரிய சந்தேகமானால் ஸ்பைரல் புரோட்டோடைப் வழியாகப் போகும். தேவைகள் தெளிவு, பட்ஜெட்டும் தேதியும் தவறக்கூடாது என்பதே கவலையானால் அதே ஸ்பைரல் வாட்டர்ஃபாலாக மாறிவிடும். இதைப் போயமே எழுதியிருக்கிறார். ஆகவே மூன்றையும் அருகருகே அட்டவணை போட்டு ஒப்பிடுவதே கொஞ்சம் கோணல்.

ஒரு கற்பனை ப்ராஜெக்ட்டில் பார்ப்போம். ஹாஸ்டல் மெஸ் கணக்கு, 14 வாரம், நாலு பேர். வாசலில் விரல்ரேகைக் கருவி வருகையைப் பதிய வேண்டும். ஊருக்குப் போன நாட்களுக்குப் பில்லில் கழிக்க வேண்டும். ஒவ்வொரு ரிஸ்க்குக்கும் நிகழும் வாய்ப்பையும் இழக்கும் வாரங்களையும் பெருக்குவது போயம் சொல்லும் கணக்கு. கருவி நம் கோடோடு பேசாமல் போக 0.5 வாய்ப்பு, போனால் 6 வாரம் வீண்: 3. கழிவு விதியைத் தப்பாகப் புரிந்துகொள்ள 0.4, இழப்பு 4 வாரம்: 1.6. மெஸ் ஊழியருக்குத் திரை பிடிபடாமல் போக 0.6, இழப்பு 1 வாரம்: 0.6. எண்கள் குத்துமதிப்புதான்; வரிசைதான் முக்கியம்.

எல்லோரும் முதலில் லாகின் பக்கம் கட்டுவார்கள். அது இந்தப் பட்டியலிலேயே இல்லை. முதல் சுற்று ஒரே வாரம்: ஒரு விரலை வைத்தால் ஒரு எண் கணினிக்கு வந்து சேருகிறதா? அந்தக் கோடைப் பிறகு தூக்கிப் போடலாம். வரவில்லையென்றால் ரோல் நம்பரைத் தட்டச்சு செய்யும் வழிக்கு இரண்டாம் வாரத்திலேயே மாறிவிடலாம். இரண்டாம் சுற்றில் கணக்கெழுதும் கிளார்க்கிடம் போன மாதப் பில்களில் பத்தை வாங்கி, கையால் கணக்குப் போட்டு ஒத்துவருகிறதா என்று பார்க்க வேண்டும். "தொடர்ந்து மூன்று நாள் போனால்தான் கழிவு" என்பது போன்ற, எங்கும் எழுதப்படாத விதி அப்போதுதான் தலைகாட்டும். விதிகள் எழுத்தில் வந்து கிளார்க் கையெழுத்தும் போட்டுவிட்டால், மெஸ் ஊழியருக்குத் திரையை ஒருமுறை காட்டித் திருத்திக்கொண்டு, மீதி வாரங்களுக்கு டிசைன், கோடிங், டெஸ்டிங் என்று நேராக இறங்குவதுதான் புத்திசாலித்தனம்.

போலி ஸ்பைரலைக் கண்டுபிடிப்பதும் எளிது. முதல் வாரத் திட்டத்திலேயே மூன்று சுற்றுக்கும் சம நீளத்தில் தேதி போட்டு, ஒவ்வொன்றிலும் தேவை, டிசைன், கோடிங், டெஸ்டிங் என்று எழுதியிருந்தால் அது வரிசையாக நிற்கும் மூன்று சிறிய வாட்டர்ஃபால்கள். போயம் 2000-இல் எழுதிய அறிக்கையில், ஸ்பைரல்போலத் தோன்றும் ஆபத்தான போலிகளில் ஒன்றாக இதைச் சேர்த்திருக்கிறார். வைவாவில் இதைச் சோதிக்க ஒரு கேள்வி போதும்: முதல் சுற்றில் தெரிந்துகொண்ட எது, இரண்டாம் சுற்றின் திட்டத்தை மாற்றியது?