இரத்தசோகையின் வகையை அறிவது எவ்வாறு? மூன்று வினாக்கள்

தொண்டூரிலிருந்தும் செஞ்சியைச் சுற்றியுள்ள மற்ற ஊர்களிலிருந்தும் வருவோர் தம் ஆய்வுத்தாளை நீட்டும்போது, விரல் ஒரே வரியின் மீது நிற்கும். அது ஹீமோகுளோபின் என்னும் வரி. "ஒன்பதுதான் இருக்கிறது, சத்து மாத்திரை தருவீர்களா?" என்று கேட்பார்கள். அந்த எண் இரத்தசோகை உண்டென்று கூறும். அது எவ்வகைச் சோகை என்று கூறாது. வகையைக் கூறுபவை மூன்று: செவ்வணுவின் அளவு, உடலிலுள்ள இரும்பின் இருப்பு, இரத்தப் பூச்சில் தெரியும் உருவம். இவற்றைக் கொண்டு மூன்று ஆய்வுத்தாள்களை இவ்விதழில் படித்துப் பார்ப்போம். இவை பாடத்திற்காக நாம் அமைத்தவை. எவருடைய தாளும் அன்று.

அளவைக் குறிக்கும் வரி எம்.சி.வி. எனப்படும். செவ்வணுக்களின் சராசரிப் பருமன் அது. பெரியவர்களுக்கு 80 முதல் 100 வரை இயல்பு. எலும்பு மச்சையில் வளரும் இளம் செவ்வணு, தனக்குள் போதிய ஹீமோகுளோபின் நிரம்பும் வரை பிளந்துகொண்டே இருக்கும். இரும்பு குறைந்தால் நிரம்புவது தாமதமாகும். அணு கூடுதலாக ஒருமுறை பிளந்து சிறுத்துவிடும். பி12 அல்லது ஃபோலிக் அமிலம் குறைந்தால் இதற்கு எதிரானது நிகழும். உட்கரு பிளக்க இயலாமல் தயங்க, அணுவின் உடல் மட்டும் வளர்ந்து பெருத்துவிடும். ஆகவே அளவு என்பது மச்சையில் எந்தப் பணி தடைப்பட்டது என்பதன் தடயம்.

முதல் வினா

வயது 34, பெண். ஹீமோகுளோபின் 8.9. செவ்வணு எண்ணிக்கை 42 இலட்சம். எம்.சி.வி. 69. ஃபெரிட்டின் 6. பூச்சில் சிறிய, வெளிறிய அணுக்கள். இடையிடையே பென்சில்போல் நீண்ட அணுக்கள். இது என்ன வகை?

எம்.சி.வி. 80க்குக் கீழ் இருப்பதால் இது சிற்றணுச் சோகை. அடுத்து இரும்பின் கணக்கைப் பார்க்கிறோம். ஃபெரிட்டின் என்பது உடல் சேமித்து வைத்திருக்கும் இரும்பின் அளவுகோல்; வீட்டுக் குதிரில் எவ்வளவு நெல் எஞ்சியுள்ளது என்பதைப் போன்றது. 6 என்றால் குதிர் காலி. பூச்சும் இதையே உறுதிசெய்கிறது. இயல்பான செவ்வணுவின் நடுவே அதன் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு வெளிறியிருக்கும். இங்கே அந்த வெண்மை விளிம்புவரை பரவி, அணு ஒரு மெல்லிய வளையமாகத் தெரிகிறது. விடை: இரும்புக்குறைச் சோகை.

எனினும் வகையைக் கண்டதோடு பணி முடிவதில்லை. இரும்பு எங்கே போயிற்று என்பது அடுத்த கேள்வி. இவ்வயதில் மாதவிடாயின் மிகுதியான உதிரப்போக்கே பெரும்பாலும் காரணம். மாத்திரையால் மூன்று, நான்கு வாரங்களில் ஹீமோகுளோபின் ஏறத் தொடங்கியது தெரியும். அது இயல்பை எட்டிய பின்பும் ஏறக்குறைய மூன்று மாதம் மாத்திரையைத் தொடர்ந்தால்தான் குதிர் நிரம்பும். எண் ஏறியவுடன் நிறுத்துவோர்க்கு அடுத்த ஆண்டே சோகை திரும்புவது இதனால்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. காய்ச்சல், தொற்று, மூட்டழற்சி ஆகியவை இருக்கும்போது ஃபெரிட்டின் தானாகவே உயரும். அப்போது குதிர் காலியாக இருந்தும் தாளில் 40 அல்லது 50 என்று தோன்றலாம். ஆகவே, அண்மையில் காய்ச்சல் வந்திருந்தால் அதை மருத்துவரிடம் கூறுதல் வேண்டும்.

இரண்டாம் வினா

வயது 24, அண்மையில் மணமான பெண். ஓராண்டாக இரும்பு மாத்திரை உண்டும் எண் அசையவில்லை. ஹீமோகுளோபின் 10.4. செவ்வணு எண்ணிக்கை 53 இலட்சம். எம்.சி.வி. 62. ஃபெரிட்டின் 58. காய்ச்சல் ஏதும் இல்லை. பூச்சில் சிற்றணுக்களோடு, நடுவே புள்ளியிட்ட இலக்குப் பலகை போன்ற அணுக்கள். இது என்ன வகை?

இதுவும் சிற்றணுவே; முதல் பெண்ணினும் சிறியது. ஆயினும் குதிரில் இரும்பு இருக்கிறது. இன்னொரு முரணையும் காண்க: சோகை உள்ளவர்க்கு அணுக்களின் எண்ணிக்கை குறைந்திருக்க வேண்டும், இவர்க்கோ அது மிகுந்திருக்கிறது. மச்சை அணுக்களைத் தாராளமாக உண்டாக்குகிறது; ஒவ்வொன்றும் மட்டும் சிறுத்துப் பிறக்கிறது.

இந்த வேறுபாட்டை விரைவில் காண ஓர் எளிய வகுத்தல் உண்டு. 1973இல் மென்ட்சர் என்னும் மருத்துவர் எழுதியது அது. எம்.சி.வி.யை, மில்லியனில் எழுதிய செவ்வணு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். முதல் பெண்ணுக்கு 69ஐ 4.2ஆல் வகுத்தால் 16க்கு மேல் வருகிறது. இப்பெண்ணுக்கு 62ஐ 5.3ஆல் வகுத்தால் 12க்குக் கீழ் வருகிறது. 13க்குக் கீழ் வந்தால் தாலசீமியாவின் மரபுக்கூற்றை ஐயுற வேண்டும். இது ஐயத்தை எழுப்பும் கருவி மட்டுமே. முடிவு கூறும் ஆற்றல் அதற்கில்லை. முடிவைத் தருவது ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஆய்வு. அதில் ஏ2 என்னும் வகை 5.2 விழுக்காடு என்று வந்தால், விடை பீட்டா தாலசீமியா மரபுக்கூறு. இரும்புக்குறையும் சேர்ந்திருந்தால் ஏ2 சற்றுத் தாழ்ந்து காட்டக்கூடும். ஆகவே ஃபெரிட்டின் குறைந்தவர்க்கு முதலில் இரும்பை நிரப்பிவிட்டு இவ்வாய்வை மீண்டும் செய்வது நன்று.

இம்மரபுக்கூறு உள்ள பெண் நோயாளி அல்லர், இயல்பாக வாழ்வார். குறையில்லாத இரும்பை மேலும் மேலும் உட்கொள்வதால் அவருக்குப் பயனில்லை. ஆனால் அவருடைய கணவர் கருவுறுதலுக்கு முன்பே ஆய்வு செய்துகொள்ள வேண்டும். இருவருக்கும் இக்கூறு இருந்தால், ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, வாழ்நாள் முழுதும் இரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டிய கடுந்தாலசீமியாவுக்கு உண்டு. ஓராண்டு மாத்திரையில் கழிந்தது சிறிய இழப்பு. இந்தக் கேள்வி கேட்கப்படாமல் போவதே பெரிய இழப்பு.

மூன்றாம் வினா

வயது 58, ஆண், உழவர். ஹீமோகுளோபின் 8.4. எம்.சி.வி. 85. இரு பாதங்களிலும் மரமரப்பு. இருட்டில் நடந்தால் தள்ளாட்டம். இது என்ன வகை?

எம்.சி.வி. இயல்பென்று தாளை மடித்து வைத்துவிடத் தோன்றும். இங்கேதான் சராசரி ஏமாற்றுகிறது. களத்தில் காயும் வேர்க்கடலையில் சூம்பிய பருப்பையும் பெரும்பருப்பையும் சமமாகக் கலந்து எடைபோட்டால், ஒரு பருப்பின் சராசரி எடை நல்ல சரக்கின் எடையாகவே வரும். அளந்து பார்த்தால் தெரியாதது, கையில் அள்ளிப் பார்த்தால் தெரியும்.

அள்ளிப் பார்க்கும் வேலையைத் தாளிலேயே செய்யும் வரி ஒன்று உண்டு. ஆர்.டி.டபிள்யூ. என்பது அணுக்களின் அளவு ஒன்றுக்கொன்று எவ்வளவு மாறுபடுகிறது என்று கூறும். ஏறக்குறைய 15 வரை இயல்பு. இவருக்கு 27. அதைக் கண்டவுடன் ஆய்வகம் ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெலிதாகப் பூசி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்க்கிறது. அங்கே இரு கூட்டத்தார் தெரிகின்றனர்: சிறிய, வெளிறிய அணுக்கள் ஒரு புறம், பெரிய, முட்டை வடிவ அணுக்கள் மறுபுறம். வெள்ளணுக்கள் சிலவற்றின் உட்கரு, வழக்கமான மூன்று நான்கு மடல்களுக்குப் பதிலாக ஆறு மடல்களாகப் பிரிந்திருக்கிறது. இந்த ஆறு மடல் பி12 அல்லது ஃபோலிக் அமிலக் குறையின் கையொப்பம் எனலாம். ஃபெரிட்டின் 11, பி12 110 என வருகின்றன, இரண்டும் குறைவு. விடை: இரும்பும் பி12உம் ஒருங்கே குறைந்த கலப்புச் சோகை.

பூச்சைப் பாராமல் இவருக்கு இரும்பு மட்டும் தந்திருந்தால், ஹீமோகுளோபின் சிறிது ஏறி நின்றுவிடும், எம்.சி.வி. 100ஐத் தாண்டி ஏறும். மறைந்திருந்த பேரணுச் சோகை அப்போதுதான் வெளிப்படும். அதற்குள் பாதத்தின் மரமரப்பு முற்றிவிடலாம்.

பேரணு என்று கண்டபின்பும் குறைந்தது எது என்று தனியே கேட்க வேண்டும் என்பதை நமக்குக் கற்பித்ததில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1928 முதல் பம்பாயில், துணியாலைகளில் உழைத்த கருவுற்ற பெண்களின் சோகையை ஆராய்ந்தார். 1929இல் குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்திலும், 1931இன் தொடக்கத்தில் சென்னையின் காஸ்ட் அண்ட் கோஷா மருத்துவமனையிலும் அப்பணி தொடர்ந்தது. அதுவே இன்றைய கஸ்தூர்பா காந்தி மகளிர் மருத்துவமனை. அப்பெண்களின் அணுக்கள் பெரியவை. ஆனால் அக்காலத்தில் மற்றொரு பேரணுச் சோகையைக் குணப்படுத்திய தூய்மையாக்கிய ஈரல் சாறு இவர்களுக்குப் பயன்படவில்லை. மலிவான ஈஸ்ட் சாறு குணப்படுத்தியது. அச்சாற்றில் இருந்த பொருளே பின்னாளில் ஃபோலிக் அமிலம் என அறியப்பட்டது. ஈரல் சாற்றில் வேலை செய்தது பி12. நுண்ணோக்கியில் ஒன்றுபோல் தோன்றிய பேரணுக்களுக்கு இரு வேறு காரணங்கள் இருந்தன.

இவ்வேறுபாடு இந்த உழவருக்கும் பொருந்தும். பி12 குறைந்தவர்க்கு ஃபோலிக் அமிலம் மட்டும் தந்தால் இரத்தம் தேறியதுபோல் காட்டும். நரம்பின் சேதமோ உள்ளே தொடரும். எனவே இவருக்கு முதலில் பி12 ஊசியும், அதனோடு இரும்பும் தரப்படும். இன்னொன்றும் உண்டு. 58 வயது ஆணுக்கு மாதவிடாய் இல்லை. அவருடைய இரும்பு குறைந்தது உணவால் மட்டுமே என்று கொள்ளலாகாது. இரைப்பைப் புண்ணோ குடலில் கட்டியோ சிறிது சிறிதாகக் குருதியைக் கசியவிடலாம். இரைப்பையையும் பெருங்குடலையும் உள்நோக்கிக் குழாயால் பார்க்கும்படி மருத்துவர் கூறுவது அதனால்தான். "மாத்திரையில் எண் ஏறிவிட்டதே, குழாய் எதற்கு?" என்று மறுப்போர் உண்டு. எண் ஏறுவது இழந்ததை ஈடுசெய்ததன் அடையாளம். கசிவு அடைபட்டதற்கு அது சான்றாகாது.

அடுத்தமுறை ஆய்வுத்தாள் கைக்கு வரும்போது, ஹீமோகுளோபினுக்குக் கீழே எம்.சி.வி.யையும் ஆர்.டி.டபிள்யூ.வையும் பாருங்கள். பழைய தாள்களையும் உடன் கொண்டுவாருங்கள். ஈராண்டுக்கு முன் 88ஆக இருந்த எம்.சி.வி. இன்று 72 என்றால் அது புதிதாக வந்த குறை. என்றுமே 62ஆக இருந்தால் அது பிறப்போடு வந்ததாக இருக்கலாம். இரும்பு மாத்திரை உண்பவராயின் எந்நாளில் தொடங்கினீர்கள், கடைசியாக எப்போது உண்டீர்கள் என்பதைக் குருதி எடுக்குமுன் கூறுங்கள். ஒரே மாத்திரைகூட அன்றைய இரும்பின் எண்ணை உயர்த்திக் காட்டும்.