நீட் நாளில் முக்காடும் தொழுகையும்

நீட் தேர்வுக்கு முக்காடு அணிந்து போகலாமா என்று ஒவ்வோர் ஆண்டும் மாணவிகள் பதற்றத்தோடு கேட்கிறார்கள். போகலாம். ஆனால் சீக்கிரம் போக வேண்டும். பிரச்சினை பெரும்பாலும் உடையில் இல்லை, நேரத்தில்தான்.

2025-இல் தேர்வு மதியம் 2 மணிக்குத் தொடங்கியது, 1.30-க்குக் கதவை மூடினார்கள். மத அடையாளங்களும் மரபு உடையும் அணிந்து வருபவர்கள் கடைசி நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே, அதாவது 12.30-க்கே வர வேண்டும் என்பது பல ஆண்டு அறிவிப்பேடுகளில் உள்ள விதி. காரணம் எளியது. பெண்களைப் பெண் ஊழியர்தான் திரைமறைவில் சோதிக்க வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். 1.20-க்கு வந்து நின்றால் வரிசையும் நீளம், ஊழியருக்கும் அவசரம். "கழற்றிவிட்டு உள்ளே போம்மா" என்ற பேச்சு அங்கேதான் எழுகிறது. 2018-இல் சீக்கிய மாணவர்கள் கடாவும் கிர்பானும் அணிந்து எழுத டில்லி உயர் நீதிமன்றம் அனுமதித்ததும் ஒரு மணி நேரம் முன்பே வர வேண்டும் என்ற நிபந்தனையோடுதான்.

முழுக்கை உடை போன்ற விலக்கு வேண்டுமென்றால் வாசலில் கேட்டுப் பயனில்லை. ஹால் டிக்கெட் வெளியாகும் முன்பே தேசியத் தேர்வு முகமைக்கு எழுதி அனுமதி வாங்கி, அந்தப் பதிலை அச்சிட்டு எடுத்துப் போங்கள். அறிவிப்பேட்டின் உடை விதிப் பக்கமும் கையில் இருக்கட்டும். 2025 ஏப்ரலில் கர்நாடகப் பொது நுழைவுத் தேர்வில், பீதரில் பூணூலைக் கழற்ற மறுத்த மாணவர் கணிதத் தாளை எழுத முடியாமல் போனது. கழற்றச் சொல்லும் விதியே கிடையாது என்று அரசு பிறகு சொன்னது. அந்த நேரத்தில் விதியைக் காட்ட ஒரு தாள் இருந்திருந்தால் என்று நினைக்கும்போது மனம் வலிக்கிறது. கயிறு, வளையல், மோதிரம் போன்றவை வேண்டுதல் சார்ந்தவை அல்லவென்றால் வீட்டிலேயே கழற்றிவிடுவது நல்லது. உலோகம் எதுவானாலும் கருவி ஒலிக்கும்.

தொழுகைக்கு வருவோம். மே முதல் வாரத்தில் சென்னையில் சூரியன் உச்சி சாய்வது ஏறத்தாழ 12.06-க்கு. வீட்டிலேயே ஒளு செய்துகொண்டு, மையத்துக்கு அருகில் பள்ளிவாசல் எங்கே என்று முதல் நாளே பார்த்து வையுங்கள். ஜமாஅத்துக்குக் காத்திராமல் 12.15-க்கு லுஹர் தொழுதால் 12.30-க்குக் கதவருகில் இருக்கலாம். அஸர் நேரம் தேர்வின் நடுவே தொடங்கும், ஆனால் சூரியன் மறைய 6.20 தாண்டிவிடும். 5 மணிக்கு வெளியே வந்தாலும் நிதானமாகத் தொழலாம். எனவே தேர்வறையில் எழுந்து போக அனுமதி கேட்க வேண்டியதே இல்லை.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை என்பதால் கத்தோலிக்க மாணவர்கள் சனி மாலைத் திருப்பலிக்கே போய்விடலாம். ஞாயிறு கடன் அதிலேயே நிறைவேறிவிடும்.