அந்தக் கடிதத்தை அவள் படிக்க வேண்டும்

அன்புள்ள தம்பிக்கு,

கல்லூரியின் கடைசி நாளில் தன் முதல் காதலிக்கு ஒருவன் எழுதும் கடிதமாக நீ எழுதிய சிறுகதையைப் படித்தேன். நடை உனக்கு வருகிறது. ஆனால் கதையின் முதல் பத்தியைப் படித்ததுமே எனக்கு ஓர் ஐயம் வந்தது: இதை அவன் யாருக்கு எழுதுகிறான்?

‘1994இல் நாம் இருவரும் தாவரவியல் இளங்கலையில் சேர்ந்தோம். நீ முதல் பெஞ்சு, நான் கடைசிப் பெஞ்சு’ என்று தொடங்குகிறாய். இது அவளுக்குத் தெரியாதா? மூன்று வருடம் கூடவே படித்தவள். இந்த விவரம் தேவைப்படுவது பத்திரிகை வாசகருக்கு. கடிதக் கதை பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறது. எழுதுகிறவன் அவளை விட்டுவிட்டு, அவள் தோளுக்குப் பின்னால் நிற்கிற நம்மிடம் பேச ஆரம்பித்துவிடுகிறான்.

குறுந்தொகையைப் பிரித்துப் பார். ஒவ்வொரு பாட்டுக்கும் யார், யாரிடம், எந்த நேரத்தில் சொன்னது என்று ஒரு கூற்றுக் குறிப்பு இருக்கும். நாற்பதாம் பாட்டில், பிரிந்துவிடுவானோ என்று தலைவி அஞ்சுகிறாள். அதை உணர்ந்து தலைவன் பேசுகிறான். நம் தாய்மாருக்குள் என்ன உறவு, தந்தையருக்குள் என்ன உறவு, நாம் எப்படி அறிமுகமானோம் என்று கேட்கிறான். எந்த உறவும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். தெரிந்ததையே சொல்கிறான், ஆனாலும் அது வீண்பேச்சாகவில்லை. அந்த நேரத்தில் அவள் அச்சத்துக்கு அது தேவைப்படுகிறது. உன் கடிதத்திலும் அவளுக்குத் தெரிந்தவை வரலாம். அதைக் கேட்க வேண்டிய தேவை அவளுக்கு இருக்க வேண்டும், அவ்வளவுதான். அகப்பாட்டில் யாருடைய பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதிக்கிறது. நீயோ அவள் பெயரைப் பத்திக்குப் பத்தி எழுதுகிறாய். கடிதத்தில் விளிக்க ஓரிடம் போதும்.

இனி, உன் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். ஆய்வகத்தில் அவள் பிளேடால் தண்டைக் குறுக்குவெட்டாகச் சீவுகிறாள். சாஃப்ரனின் சாயம் அவள் விரல்நுனியில் சிவப்பாக ஏறியிருக்கிறது. இதைக் கண்ணால் பார்த்தவன் மட்டுமே எழுத முடியும். ஆனால் அடுத்த வரியிலேயே ‘மென்மையான விரல்கள்’ என்று சேர்த்திருக்கிறாய். அதை அடித்துவிடு. சாயம் சொன்னதற்கு மேல் அந்த வரி எதையும் சொல்லவில்லை.

அதே இடத்தில் ஒரு பிழையும் இருக்கிறது. கடைசி நாளன்று அவள் ஹால் டிக்கெட்டைப் பிடித்திருந்த விரலில் அந்தச் சிவப்பு தெரிந்தது என்கிறாய். செய்முறைத் தேர்வு எழுத்துத் தேர்வுக்கு முன்பே முடிந்துவிடும். கடைசித் தாள் எழுதும் நாளில் சாயம் எப்போதோ போயிருக்கும். இதையே பலமாக்கிக்கொள்ளலாம். ‘இன்றைக்கு உங்கள் விரலில் சிவப்பு இல்லை’ என்று அவன் எழுதட்டும். அவன் அத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரியவரும். அவள் அறியாத செய்தி அது. அந்தக் கடிதம் எழுதப்பட வேண்டியதற்குக் காரணமும் அதுதான்.

‘உங்கள்’ என்று நான் எழுதியதைக் கவனித்திருப்பாய். அந்தக் காலத்தில் நம் ஊர்க் கல்லூரிகளில் பையன்களும் பெண்களும் மூன்றாம் வருடத்திலும் ‘வாங்க, போங்க’ என்றே பேசிக்கொள்வது சாதாரணம். உன் ஆளோ முதல் வரியிலேயே ‘நீ’ என்கிறான். அந்த உரிமை அவனுக்கு எப்போது கிடைத்தது? கடிதம் ‘நீங்கள்’ என்று தொடங்கி, ஓரிடத்தில் கை தவறியதுபோல ‘நீ’ என்று மாறட்டும். எந்த வரியில் மாறுகிறது என்பதைத் தேர்ந்தெடுப்பதுதான் இந்தக் கதையில் உன் முக்கியமான வேலை. சாயத்தைப் பற்றிய வரிக்கு அடுத்து மாறலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கடைசிப் பத்தியில் அவன் ‘முதல் காதல் எல்லாருக்கும் இப்படித்தான் முடிகிறது’ என்கிறான். தேர்வு முடிந்த சாயங்காலம், பெட்டி கட்டாத விடுதி அறையில் உட்கார்ந்திருக்கும் இருபது வயதுப் பையனுக்கு இது தெரியாது. இது நாற்பது வயதில் நீ அறிந்தது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் நாளை காலை பஸ், மெஸ் பாக்கி, இந்தத் தாளை அவள் கையில் எப்படிச் சேர்ப்பது என்ற கவலை. தபாலில் போட்டால் அவள் அப்பா பிரிப்பார். ஆட்டோகிராப் நோட்டில் எழுதினால் எல்லாரும் படிப்பார்கள். அவன் எந்த வழியைத் தேர்கிறானோ அதைப் பொறுத்தே எவ்வளவு வெளிப்படையாக எழுதலாம் என்பதும் அமையும். உன் பிரதியில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

முதலில் இதை முடிவுசெய். பிறகு முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் எடுத்துவிட்டுத் திருப்பி எழுதி எனக்கு அனுப்பு. படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்