முதல் மலம் தாமதமானால்

பிறந்த குழந்தையின் முதல் மலம் கரும்பச்சை நிறத்தில் பிசின்போல் இருக்கும். நிறைமாதக் குழந்தைகளுள் பெரும்பாலானவை 24 மணி நேரத்திற்குள்ளும், ஏறத்தாழ அனைத்தும் 48 மணி நேரத்திற்குள்ளும் அதைக் கழித்துவிடும். குறைமாதக் குழந்தைகளுக்குச் சற்றுத் தாமதமாகலாம்.

நிறைமாதத்தில் பிறந்த ஒரு குழந்தை, மலம் கழிக்காமலேயே வீடு திரும்பியது. மூன்றாம் நாள் வெற்றிலைக் காம்பை ஆசனவாயில் வைத்ததும் மலமும் காற்றும் பீறிட்டு வெளியேறின. வீட்டார் நிம்மதியடைந்தனர். மறுநாள் வயிறு மீண்டும் உப்பியது; குழந்தை பச்சை நிறத்தில் வாந்தியெடுத்தது. மலக்குடலிலிருந்து எடுத்த சிறு திசுவைச் சோதித்தபோது, அங்கே நரம்பணுக்கள் இல்லை என்பது தெரிந்தது. இது ஹிர்ஷ்ஸ்பிரங் நோய். நரம்பணுக்கள் இல்லாத பகுதி சுருங்கியே இருப்பதால் மலம் அதற்கு மேலே தேங்குகிறது. காம்பு அடைப்பைச் சிறிது நேரம் திறந்ததேயன்றி நோயைத் தீர்க்கவில்லை. தேங்கிய குடலில் கிருமித்தொற்று ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்து. குடலைக் கழுவிச் சுத்தம் செய்தபின், அப்பகுதியை அறுவை சிகிச்சையால் நீக்கினோம்.

ஆகவே 24 மணி நேரம் கடந்தும் மலம் கழியாவிடில் செவிலியரிடம் தெரிவியுங்கள். காம்போ, சோப்புத் துண்டோ வைக்காதீர்கள். வயிறு உப்பினாலோ, பச்சை வாந்தி வந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.