மேனேஜருக்கு ஒரு பக்கம்: ரிக்ரெஷன் முடிவை எழுதிக் கொடுக்கும் முறை

ஆர் மென்பொருள் உள்ள எந்தக் கணினியிலும் mtcars என்றொரு சின்ன அட்டவணை கூடவே இருக்கும். 1974-ல் அமெரிக்காவின் ‘மோட்டார் ட்ரெண்ட்’ பத்திரிகையில் வந்த 32 கார்களின் மைலேஜ், எடை, கியர் வகை முதலிய விவரங்கள் அதில் உள்ளன. வகுப்பறைகளில் அடிபட்டுத் தேய்ந்த தரவுதான். ஆனாலும் மெமோ எழுதிப் பழக நல்ல தரவு இது. அவசரப்பட்டு எழுதினால் மேனேஜரைத் தவறான காரணத்துக்காகக் கார் வாங்க வைத்துவிடும்.

1974-ல் பெட்ரோல் விலை ஏறிக்கிடந்தது. ஒரு நிறுவனத்தில் வண்டிகளைக் கவனிக்கும் மேனேஜர் நம்மிடம், “இனிமேல் மானுவல் கியர் கார்களாகவே வாங்கினால் எரிபொருள் மிச்சமாகுமா?” என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் கணக்கு. இரண்டு மாடல்கள் போதும்.

```
a <- lm(mpg ~ am, data = mtcars)
b <- lm(mpg ~ am + wt, data = mtcars)
summary(a)
summary(b)
confint(a)
confint(b)
```

முதல் மாடலில், மானுவல் கார்கள் ஆட்டோமேட்டிக்கைவிடச் சராசரியாகக் கேலனுக்கு 7.2 மைல் கூடுதலாக ஓடுகின்றன. பி-வேல்யூவும் மிகச் சிறியது. பலர் இங்கேயே மெமோவை எழுதி அனுப்பிவிடுவார்கள். இரண்டாவது மாடலில் எடையையும் சேர்த்தால் அந்த 7.2 கிட்டத்தட்ட பூஜ்யமாகிவிடுகிறது. காரணம் எளிது. இந்தப் பட்டியலில் மானுவல் கார்களின் சராசரி எடை சுமார் 1,090 கிலோ, ஆட்டோமேட்டிக் கார்களுடையது சுமார் 1,710 கிலோ. கியருக்குக் கிடைத்த பெயர் உண்மையில் எடைக்குச் சேர வேண்டியது.

அடுத்தது அலகுகள். wt என்பது ஆயிரம் பவுண்டில், mpg என்பது அமெரிக்க கேலனுக்கு மைலில் இருக்கிறது. மாடல் தரும் −5.35 என்ற எண்ணை அப்படியே கொடுத்தால் மேனேஜருக்கு ஒன்றும் புரியாது. ஒரு மைல்/கேலன் என்பது லிட்டருக்கு 0.425 கி.மீ.; ஆயிரம் பவுண்டு என்பது 454 கிலோ. மாற்றிப் பார்த்தால், காரின் எடை 100 கிலோ கூடினால் மைலேஜ் லிட்டருக்கு ஏறக்குறைய அரை கி.மீ. குறைகிறது. இந்த வாக்கியத்தை மேனேஜர் இன்னொருவரிடம் அப்படியே சொல்ல முடியும். அலகு மாற்றும் வேலையை அவர் தலையில் கட்டாதீர்கள்.

பிறகு வீச்சு. இங்கேதான் அதிகமாகத் தவறு நடக்கிறது. எடையைச் சேர்த்தபின் கியர் வித்தியாசத்தின் 95 சதவீத வீச்சு, லிட்டருக்கு 1.4 கி.மீ. குறைவு முதல் 1.3 கி.மீ. கூடுதல் வரை நீள்கிறது. இதைப் பார்த்து “கியரால் வித்தியாசம் இல்லை” என்று எழுதுவது தவறு. லிட்டருக்கு ஒரு கி.மீ. வித்தியாசம் இருந்தாலும் இந்தத் தரவின் கண்ணில் படாமல் போகலாம். நூறு வண்டி வைத்திருப்பவருக்கு அது பெரிய தொகை. “இந்தத் தரவால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை” என்பதே சரியான வாக்கியம். எடையின் கதை வேறு. அதன் வீச்சு 100 கிலோவுக்கு 0.35 முதல் 0.65 கி.மீ. வரை, முழுக்க ஒரே பக்கம். அதை உறுதியாகவே எழுதலாம்.

எச்சரிக்கைகளுக்கு வருவோம். புள்ளியியல் பாடநூலில் உள்ள அனுமானங்களை எல்லாம் அடுக்கினால் ஒரு பக்கம் போதாது, யாரும் படிக்கவும் மாட்டார்கள். நான் பார்க்கும் அளவுகோல் ஒன்றுதான்: இது பொய்யானால் மேனேஜரின் முடிவு மாறுமா? மாறும் என்றால் எழுது, இல்லையென்றால் விடு.

எடைக்கேற்பக் கார்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் பெரிய ஓட்டை ஒன்று தெரியும். 1,360 கிலோவுக்குக் கீழே ஒரே ஒரு ஆட்டோமேட்டிக்தான் இருக்கிறது, டொயோட்டா கரோனா. அதற்கு மேலே மானுவல் இரண்டே இரண்டு, ஃபோர்டு பான்டெராவும் மசெராட்டி போராவும். ஆக, ஒரே எடையில் இரண்டு கியரையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்கக் கிட்டத்தட்ட ஆளே இல்லை. மாடல் கோட்டை நீட்டித்தான் ஒப்பிடுகிறது. போதாக்குறைக்கு, இரண்டு வகைக்கும் தனித்தனிச் சரிவு இருக்கட்டும் என்று mpg ~ am * wt ஓட்டினால் பதில் மாறுகிறது: சுமார் 1,270 கிலோ வரை மானுவல் முந்துகிறது, அதற்கு மேல் பிந்துகிறது. இதை மறைத்து “பூஜ்யம்” என்று மட்டும் எழுதுவது நேர்மையல்ல. ஆனால் இந்த முடிவும் அதே சில கார்களின் தோளில்தான் நிற்கிறது.

இவ்வளவும் சேர்ந்து மெமோவில் வரும்போது இப்படி இருக்கும்:

> பொருள்: மானுவல் கார்களும் எரிபொருள் செலவும்
>
> பரிந்துரை: எரிபொருளை மிச்சப்படுத்த, கியர் வகையைப் பார்க்காமல் எடை குறைந்த கார்களைத் தேர்ந்தெடுக்கலாம்.
>
> கண்டது: 32 கார்களில் மானுவல் கார்கள் லிட்டருக்கு 3 கி.மீ. கூடுதலாக ஓடின. ஆனால் அவை சராசரியாக 600 கிலோவுக்கு மேல் எடை குறைந்தவை. எடையைக் கணக்கில் எடுத்ததும் அந்த வித்தியாசம் மறைகிறது. எடை 100 கிலோ கூடும்போது மைலேஜ் சுமார் அரை கி.மீ. (0.35 முதல் 0.65 வரை) குறைகிறது.
>
> எவ்வளவு நம்பலாம்: எடை பற்றிய முடிவு உறுதியானது. கியர் பற்றி இந்தத் தரவு தீர்ப்புச் சொல்லாது: உண்மை வித்தியாசம் சுமார் 1.3 கி.மீ. வரை எந்தப் பக்கமும் இருக்கலாம். வேறு விதமாகக் கணக்கிட்டால் சிறிய கார்களில் மானுவல் நன்றாகத் தெரிகிறது. ஆனால் எடை குறைந்த ஆட்டோமேட்டிக் ஒன்றே ஒன்றுதான் பட்டியலில் உள்ளது.
>
> கவனம்: இவை ஒரு பத்திரிகையில் வந்த கார்கள், ஃபெராரியும் உண்டு. நம் ஓட்டுநர்கள், நம் சாலைகளில் சோதித்தவை அல்ல. தனி ஒரு காரின் மைலேஜ் மாடலின் கணிப்பிலிருந்து சுமார் 2.7 கி.மீ. வரை விலகலாம்.
>
> அடுத்து: ஒரே மாடலின் மானுவல், ஆட்டோமேட்டிக் வண்டிகளை வாடகைக்கு எடுத்து ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தால் கியர் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

பி-வேல்யூவும் ஆர்-ஸ்கொயரும் இதில் எங்கும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். இரண்டாவது மாடலின் ஆர்-ஸ்கொயர் 0.75. அதைப் பார்க்கும் மேனேஜர் “75 சதவீதம் சரி” என்று எடுத்துக்கொள்வார், அது தவறான அர்த்தம். அவர் உண்மையில் அறிய வேண்டியதைக் கடைசி எச்சரிக்கையில் உள்ள 2.7 கி.மீ. நேரடியாகச் சொல்லிவிடுகிறது. முழு அட்டவணையைக் கோப்பில் வைத்திருங்கள், கேட்டால் கொடுக்கலாம்.

“எடையைக் குறைத்தால் மைலேஜ் கூடும்” என்ற வாக்கியத்தையும் தவிர்த்திருக்கிறேன். எடை குறைந்த கார்களில் இன்ஜினும் பெரும்பாலும் சிறியது. குதிரைத்திறனையும் மாடலில் சேர்த்தால் எடையின் பங்கு குறையும். ‘குறைந்த எடையுள்ள காரைத் தேர்ந்தெடு’ என்பதற்கு இந்தத் தரவில் ஆதாரம் உண்டு. இருக்கும் காரின் பின்சீட்டைக் கழற்றுவதற்கு இல்லை.

அனுப்பும் முன் கணக்குப் பிரிவில் யாராவது ஒருவரிடம் மெமோவைக் கொடுத்து, “இதைப் படித்தால் எந்தக் காரை வாங்குவீர்கள்?” என்று மட்டும் கேளுங்கள். “மானுவல்” என்று பதில் வந்தால், பரிந்துரை வரியைத் திருத்தி எழுதுங்கள்.